மலைப்பாதையில் பெட்ரோல் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டரில். கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் தூரம். சமதளத்தில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு சிறிய பெட்ரோல் கார் இந்தத் தூரத்தை ஏறி முடிக்கும்போது, மீட்டரில் பத்துக்கும் கீழே காட்டும். உடனே பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: மேலே காற்று மெலிந்துவிட்டது, இன்ஜின் மூச்சுத் திணறுகிறது, அதனால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. இந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. காற்று மெலிவது உண்மை. இன்ஜினின் பலம் குறைவதும் உண்மை. ஆனால் அந்தப் பெட்ரோலைக் குடித்தது மெலிந்த காற்று அல்ல, ஏற்றம். உயரம் என்பது ஒன்று, ஏற்றம் என்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மைலேஜ் கணக்கும் புரியும், எந்தப் பெட்ரோல் போடுவது என்ற கேள்விக்கும் சரியான விடை கிடைக்கும்.

முதலில் ஏற்றத்தின் கணக்கு. காரின் எடை 900 கிலோ, உள்ளே நான்கு பேரும் பெட்டி படுக்கையும் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 1,200 கிலோ. இந்தச் சுமையைச் சுமார் 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். சாலை எத்தனை வளைந்தாலும், எவ்வளவு மெதுவாகப் போனாலும், இந்தத் தூக்கும் வேலையில் ஒரு துளியும் குறையாது. அதற்கு ஏறத்தாழ 22 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. பத்தில் மூன்று பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால், லிட்டருக்கு 9 மெகாஜூல். அப்படியானால் காரைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் இரண்டரை லிட்டர் செலவாகிறது.

இதே தூரம் சமதளமாக இருந்திருந்தால் ஏறக்குறைய மூன்று லிட்டர் போயிருக்கும். டயரின் உருளும் தடை, காற்றின் எதிர்ப்பு, இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும் உராய்வு எல்லாம் அதில் அடக்கம். இரண்டையும் கூட்டினால் ஐந்தரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 52 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் லிட்டருக்கு ஒன்பதரை, பத்து கிலோமீட்டர். மீட்டரில் தெரியும் எண் இதுதான். இந்தக் கணக்கில் மெலிந்த காற்றுக்கு இன்னும் இடமே கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இல்லாமலே விடை கிட்டத்தட்ட வந்துவிட்டது.

இதே கணக்கைக் கொண்டு இன்னொன்றையும் அறியலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் கூடுதலாக ஏறினால், அவரை ஊட்டி வரை தூக்க ஏறக்குறைய 150 மில்லி பெட்ரோல் வேண்டும். சமதளத்தில் ஓர் ஆள் கூடினால் மைலேஜில் பெரிதாகத் தெரியாது. மலைப்பாதையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. பூட்டில் மறந்துபோய்க் கிடக்கும் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புவது, எந்த விலையுயர்ந்த பெட்ரோலையும்விட மைலேஜுக்கு நல்லது.

இனி காற்றுக்கு வருவோம். குன்னூர் போய்ச் சேரும்போது, கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பந்து போல உப்பியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாக்கெட்டுக்குள் அடைபட்டிருக்கும் காற்று மேட்டுப்பாளையத்துக் காற்று. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டதால் அது விரிகிறது. மேட்டுப்பாளையத்தில் வளிமண்டல அழுத்தம் சுமார் 975 மில்லிபார் என்றால், ஊட்டியில் அது சுமார் 780. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே குளிர் அதிகம் என்பதால் இந்த இழப்பில் கொஞ்சம் ஈடாகிறது, ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 32 டிகிரி வெயிலில் கிளம்பி 15 டிகிரி குளிரில் போய் நிற்கும் இன்ஜினுக்கு, ஒவ்வொரு இழுப்பிலும் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

பெட்ரோல் இன்ஜினின் பலம் அது இழுக்கும் காற்றின் அளவைப் பொறுத்தது. காற்றில்லாமல் பெட்ரோலை மட்டும் கூட்டிப் பயனில்லை. எனவே கீழே 80 குதிரைத்திறன் தரும் இன்ஜின் ஊட்டியில் 66, 67 தான் தரும். 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் போகும் என்பது டர்போ இல்லாத இன்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

பலம் குறைகிறது என்றால் செலவு கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் குழப்பம். 80 குதிரைத்திறன் என்பது ஆக்சிலேட்டரை முழுவதுமாக அழுத்தி, இன்ஜினை உச்ச வேகத்தில் சுழலவிட்டால் கிடைப்பது. ஊட்டி நகருக்குள் சமமான ஒரு சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் இன்ஜின், த்ராட்டில் என்ற ஒரு தகட்டைப் பாதி மூடி வைத்துக்கொண்டு, காற்றைத் தானே தடுத்தபடிதான் ஓடுகிறது. பாதி மூடிய கதவின் இடுக்கு வழியாக மூச்சிழுப்பது போன்ற வேலை அது. அந்த இழுப்புக்கே கொஞ்சம் பெட்ரோல் வீணாகிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால், அதே அளவு காற்றை உள்ளே வாங்க த்ராட்டில் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். கதவு அகலத் திறந்தால் இழுப்பதற்கான வீண் வேலை குறைகிறது. சைலன்சர் வழியாகப் புகையை வெளியே தள்ளவும் எதிரழுத்தம் குறைவு. காரின் முகத்தில் மோதும் காற்றும் மெலிவு. ஆகவே சமமான சாலையில், ஒரே வேகத்தில், ஊட்டியில் ஓடும் கார் மேட்டுப்பாளையத்தில் ஓடுவதைவிடச் சற்றுக் குறைவாகவே பெட்ரோல் எடுக்கும். கேட்பவர்கள் நம்பத் தயங்கினாலும் இயற்பியல் இப்படித்தான் இருக்கிறது.

உயரம் செலவைக் கூட்டுவது மறைமுகமாக, கியர் வழியாக. 1.2 லிட்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது, ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் அதனிடம் இருப்பது 20 குதிரைத்திறனுக்குள். மேலே அது 16 ஆகிவிடும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாகத் திரும்பி, ஏற்றம் செங்குத்தாகும் அந்த இடத்தில், ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தால் 16 போதாது. ஓட்டுநர் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்குவார். இன்ஜின் 2,500, 3,000 சுற்றுக்கு ஏறும். இழுவை வந்துவிடும். ஆனால் சுற்று கூடக்கூட உராய்வும் கூடும், அதற்கும் பெட்ரோல் கொடுக்க வேண்டும். அதோடு ஆக்சிலேட்டர் அடிவரை அழுத்தப்படும் நேரங்களில், பல இன்ஜின்களின் கணினி பாதுகாப்புக்காகப் பெட்ரோலைச் சற்று அதிகமாகவே தெளிக்கும். மெலிந்த காற்றில் அந்த நேரங்கள் கூடிவிடுகின்றன. உயரத்தால் வரும் கூடுதல் செலவு என்று நியாயமாகச் சொல்லக்கூடியது இந்தச் சிறு பங்குதான்.

உயரம் பெட்ரோலைக் குடிக்கிறது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் முழு உண்மையாகவே இருந்தது. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் மலை ஏறிய காலம் அது. அவற்றில் பெட்ரோலை அளந்து கொடுத்தது கார்ப்பரேட்டர். உள்ளே போகும் காற்றின் வேகம் உண்டாக்கும் உறிஞ்சலில், சிறு துளையுள்ள ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறி வரும். கார்ப்பரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. காற்றின் அடர்த்தி குறையும் அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆறில் ஒரு பங்கு காற்று குறைந்தால் பெட்ரோல் அதில் பாதியளவுதான் குறையும். விளைவு, கலவையில் பெட்ரோல் பத்து சதவீதம் போல மிகுந்துவிடும். எரியாத பெட்ரோல் கருப்புப் புகையாக வெளியே போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனையில் அடுப்புக்கரி போலக் கரி படிந்திருக்கும். இன்ஜின் நிற்கும்போதெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கும். மலையிலேயே ஓடும் வண்டிகளுக்குச் சிறிய துளையுள்ள ஜெட் மாற்றுவது இதற்கான வைத்தியம்.

கூடவே இன்னொரு தொல்லையும் இருந்தது. அழுத்தம் குறைந்தால் திரவங்கள் சீக்கிரம் கொதிக்கும். ஏற்றத்தில் சூடேறிய இன்ஜினின் பக்கத்தில் இருந்த பெட்ரோல் பம்பில், பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் அடைத்துக்கொள்ளும். வண்டி பாதி மலையில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி, ஆறும்வரை காத்திருந்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். இப்போதைய கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. அங்கிருந்து வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதனால் குமிழுக்கு இடமில்லை. காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை இன்னொரு சென்சார் பார்க்கிறது. இரண்டையும் வைத்துக் கணினி நொடிக்குப் பலமுறை பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறது. ஊட்டிக்குப் போய் ஜெட் மாற்றும் வேலை முடிந்துபோனது. நம்பிக்கை மட்டும் மிச்சமிருக்கிறது.

ஆக்டேன் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரிது. மலைக்குப் போகிறோம், வண்டி நன்றாக இழுக்க வேண்டும், அதனால் விலை கூடிய பெட்ரோல் போடுவோம் என்று மேட்டுப்பாளையம் பங்க்கில் பலர் முடிவெடுக்கிறார்கள். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலத்தைக் குறிப்பதல்ல. அழுத்தமும் சூடும் கூடும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்போ, தீ பரவி வந்து சேர்வதற்கு முன்போ தானாக வெடித்துவிடாமல் பொறுத்திருக்கும் தன்மையைக் குறிக்கும் எண் அது. பொறுமையின் அளவு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

சிலிண்டருக்குள் நடப்பது இது. பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. அந்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவத் தொடங்குகிறது. பரவும் தீ, தான் இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது, சூடேற்றுகிறது. அந்த மூலைக் கலவையால் பொறுக்க முடியாமல் போனால், தீ வந்து சேருமுன் அது மொத்தமாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதும் ஓசையைத்தான் நாக்கிங் என்கிறார்கள். தகர டப்பாவில் நாலைந்து சில்லறைக் காசுகளைப் போட்டுக் குலுக்குவது போல, இன்ஜின் பக்கமிருந்து கிணுகிணுவென்று கேட்கும். நீண்ட நேரம் அப்படியே ஓட்டினால் பிஸ்டனின் தலைப்பகுதி அரித்துப்போகும், ரிங் உடையும்.

இந்த வெடிப்புக்கு வேண்டியவை அழுத்தமும் சூடும்தான். உயரத்தில் சிலிண்டருக்குள் நுழையும் காற்றே குறைவு என்பதால், பிஸ்டன் அழுத்தி முடிக்கும்போது உண்டாகும் அழுத்தமும் குறைவு. வெளிக்காற்றும் குளிர்ச்சி. எனவே அதே இன்ஜினுக்கு மேலே போகப்போகக் குறைந்த ஆக்டேன் போதும். கார்ப்பரேட்டர் காலத்து இன்ஜின்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தேவை ஒன்று முதல் ஒன்றரை எண் வரை குறையும் என்று அளந்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போவதற்குள் ஆறு எண்ணுக்கும் மேல் இறங்கிவிடும். கணினி கட்டுப்படுத்தும் இன்ஜின்களில் அந்த இறக்கம் 300 மீட்டருக்கு 0.2 முதல் 0.5 வரைதான். காரணம் எளிது. காற்று மெலிந்ததை உணர்ந்த கணினி, பொறி வைக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி, இழந்த பலத்தில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளப் பார்க்கிறது. உயரம் கொடுத்த சலுகையில் ஒரு பகுதியை அது செலவழித்துவிடுகிறது. இருந்தாலும் தேவை குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதியில் இது வியாபாரமாகவே இருக்கிறது. 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரிலும் அதைச் சுற்றிய கொலராடோவிலும் சாதாரணப் பெட்ரோல் 85 ஆக்டேனில் விற்கிறது. சமவெளி மாநிலங்களில் அதே பெட்ரோல் 87. அந்த நாட்டில் இரண்டு சோதனை முறைகளின் சராசரியைப் பங்க்கில் எழுதுகிறார்கள் என்பதால், இந்தியாவில் எழுதும் எண்ணோடு ஒப்பிட நான்கைந்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கார்ப்பரேட்டர் காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. இன்றைய கார் நிறுவனங்கள் பல தங்கள் கையேட்டில் 87க்குக் கீழே வேண்டாம் என்றே அச்சிடுகின்றன.

இந்தியாவில் மலைக்கென்று தனிப் பெட்ரோல் கிடையாது. ஊட்டி பங்க்கிலும் கோவை பங்க்கிலும் ஒரே தரம்தான். பி.எஸ். 2 காலத்தில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 88. பி.எஸ். 3 வந்தபோது 91. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 95. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கும் மேல் என்பதால் கிடைத்த ஏற்றம் இது. முன்பு 91க்கென்று வடிவமைத்த டர்போ இல்லாத சிறிய கார் ஒன்று, 95ஐக் குடித்துக்கொண்டு, தேவை குறையும் உயரத்துக்கு ஏறுகிறது. அதற்கு மேலும் ஆக்டேன் வாங்கிக் கொடுப்பது, நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். எத்தனால் கலப்பால் லிட்டருக்கான ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைந்திருப்பது வேறு கணக்கு. அது மலையிலும் சமவெளியிலும் ஒன்றுபோலவே இருக்கும், உயரத்தின் தலையில் அதைக் கட்ட முடியாது.

அப்படியானால் மலைப்பாதையில் நாக்கிங் சத்தம் கேட்பது ஏன்? கேட்கிறது என்பது உண்மை. ஆனால் எங்கே கேட்கிறது என்று கவனித்தால் காரணம் வெளிப்படும். பெரும்பாலும் அது குன்னூருக்கு மேலே கேட்பதில்லை. கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில், பர்லியாறு வரைக்குமான அடிவாரத்தில்தான் கேட்கும். அங்கே காற்று இன்னும் சமவெளிக் காற்றைப் போலவே அடர்த்தி. வெயில் நேரம் என்றால் வெளிக்காற்றும் சூடு. ஏற்றமோ தொடங்கிவிட்டது. சமவெளிச் சாலையில் வந்த பழக்கத்தில் ஓட்டுநர் இன்னும் நான்காவது கியரிலோ மூன்றாவதிலோ இருக்கிறார். இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் அடிவரை அழுந்தியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் மூலைக் கலவைக்குச் சூடேறி வெடிக்கப் போதுமான நேரம் கிடைத்துவிடுகிறது. அடர்த்தியான காற்று, சூடு, முழு அழுத்தம், குறைந்த சுற்று ஆகிய நான்கும் ஒன்றுசேரும் இடம் அடிவாரம். ஐம்பது கிலோமீட்டர் பயணத்தில் ஆக்டேன் தேவை உச்சத்தில் இருப்பது அங்கேதான். ஏறஏற அது குறைந்துகொண்டே போகிறது.

சத்தம் கேட்டால் சோதித்துப் பார்க்க ஒரே வழி போதும். ஒரு கியர் இறக்க வேண்டும். இன்ஜின் சுற்று கூடியவுடன் சத்தம் நின்றுவிட்டால், குற்றம் கியரில்தான், பெட்ரோலில் அல்ல. இறக்கிய பிறகும், ஆக்சிலேட்டரைத் தளர்த்திய பிறகும், சிறிது ஏற்றத்திலேயே தொடர்ந்து கேட்டால் வேறு காரணம் இருக்கிறது. சிலிண்டருக்குள் கரி தடித்துப் படிந்திருக்கலாம். இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கலாம், அதை வெப்பமானி காட்டிவிடும். பொருந்தாத ஸ்பார்க் பிளக் போட்டிருக்கலாம். கடைசியாக டேங்க் நிரப்பிய பிறகே சத்தம் தொடங்கியது என்றால் கலப்படப் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. கொஞ்சம் கலந்தாலும் பெட்ரோலின் பொறுமை போய்விடும். இதே சத்தம் கல்லாற்றில் கேட்டு, அதே கியரில், அதே போன்ற ஏற்றத்தில் குன்னூருக்கு மேலே கேட்காமல் போனால், மெலிந்த காற்று ஆக்டேன் தேவையைக் குறைப்பதைக் காதாலேயே அறிந்ததாகிவிடும்.

இன்றைய கார்களில் பல நேரம் சத்தமே கேட்காது. இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் நாக் சென்சார், காதுக்கு எட்டாத முதல் அதிர்வையே உணர்ந்துவிடும். உடனே கணினி பொறி வைக்கும் நேரத்தைச் சில டிகிரி தாமதப்படுத்தும். வெடிப்பு நிற்கும், கூடவே இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோலும் கொஞ்சம் வீணாகும். அடிவாரத்தில் வண்டி சோம்பலாக இருப்பதாகத் தோன்றி, மேலே போனதும் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதிக அழுத்த விகிதம் கொண்ட இன்ஜின்களுக்குக் கூடுதல் ஆக்டேன் உண்மையில் உதவுகிறது என்றால், அது உதவும் இடம் அடிவாரம்தான்.

டர்போ வைத்த பெட்ரோல் கார்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது, ஏனென்றால் இப்போது ஒரு லிட்டர் டர்போ இன்ஜின்கள் சாதாரணக் கார்களிலும் வந்துவிட்டன. டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் ஒரு விசிறி. சிலிண்டருக்குள் போக வேண்டிய அழுத்தம் இவ்வளவு என்று கணினிக்குத் தெரியும். வெளிக்காற்று மெலிந்தால் விசிறியை இன்னும் வேகமாகச் சுழலவிட்டு அந்த அளவை எட்டிப் பிடித்துவிடும். அதனால்தான் ஊட்டியிலும் இந்தக் கார்கள் அடிவாரத்தில் இழுத்ததைப் போலவே இழுக்கின்றன. ஆனால் பலம் குறையவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறையவில்லை. உயரம் கொடுக்கும் ஆக்டேன் சலுகை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. இன்னும் சொன்னால் சுமை சற்றுக் கூடுகிறது. மேட்டுப்பாளையத்தில் காற்றை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினால் போதும் என்ற இடத்தில், ஊட்டியில் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். அதிகமாக அழுத்தினால் காற்று அதிகமாகச் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதே காரணத்தால்தான். இன்டர்கூலர் அந்தச் சூட்டை இறக்கப் பார்க்கும். அதன்மேல் வீசும் காற்று குளிர்ந்தது என்பது சாதகம், மெலிந்தது என்பது பாதகம். எனவே டர்போ காருக்குக் கையேட்டில் எந்த ஆக்டேன் எழுதியிருக்கிறதோ அதை மலையிலும் குறைக்கக் கூடாது.

டர்போவுக்கும் எல்லை உண்டு. விசிறியின் சுழற்சிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டாமல் கணினி காத்துக்கொள்ளும். நீலகிரியின் உயரத்தில் அந்த எல்லை பெரும்பாலும் தெரியாது. லடாக்கில் தெரியும். லே நகரம் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஏறும் கர்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. டர்போ இல்லாத கார் தன் பலத்தில் பாதியை இழந்து முதல் கியரில் ஊர்ந்துதான் ஏறும். அந்த உயரத்தில் அத்தகைய காருக்கு ஆக்டேன் ஒரு பிரச்சினையே இல்லை. பெட்ரோல் செலவு மட்டும் கூடும், அதுவும் முதல் கியரிலேயே மணிக்கணக்கில் ஓடுவதால்.

இறக்கத்துக்கு வருவோம். ஊட்டிக்கு ஏற்றிய அந்த 22 மெகாஜூல் எங்கும் போய்விடவில்லை, காருக்குள் சேமிப்பாக இருக்கிறது. இறங்கும்போது டயரின் உருளும் தடையும் காற்றின் எதிர்ப்பும் அதிலிருந்து ஒன்பது, பத்து மெகாஜூல் எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்குப் பெட்ரோல் மிச்சம். எஞ்சிய பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல், வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகப் போய்விடுகிறது. இறங்கும் 52 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் லிட்டர் போல ஆகும் என்று வைத்தால், ஏறி இறங்கிய மொத்தக் கணக்கு 104 கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் லிட்டருக்குள் வரும், லிட்டருக்குப் பதினைந்தரைக்கு மேல். சமதளத்துப் பதினெட்டிலிருந்து உண்மையில் போனது இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். மலைப் பயணத்தின் மைலேஜை அறிய விரும்புபவர்கள் கீழே டேங்க் நிரப்பி, ஏறி இறங்கி வந்து, அதே பங்க்கில் மீண்டும் நிரப்பித்தான் அளக்க வேண்டும். மேலே நின்று மீட்டரைப் பார்ப்பது பாதிக் கணக்கு.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போதைய கார்களில் அது மிச்சமே இல்லை. கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது என்பதை அறிந்து கணினி பெட்ரோலை முழுவதும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ இன்ஜினை அணையாமல் ஓடவைக்க மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதைவிட மோசமானது, சேமிப்பில் இருந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. கருகிய வாடை வந்து, மிதி தளர்ந்து, மிதித்தும் வண்டி நிற்காமல் போகும் நிலைக்கு அதுவே வழி. ஏறும்போது எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதில் பாதுகாப்பும் இருக்கிறது, பெட்ரோல் கணக்கும் இருக்கிறது.

இறங்க இறங்கக் காற்று மீண்டும் அடர்த்தியாகிக்கொண்டே வரும். குன்னூரில் வாங்கிக் குடித்துவிட்டு மூடி வைத்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கல்லாறு வருவதற்குள் ஒடுங்கிப் போயிருக்கும். கணினியும் அதே மாற்றத்தைப் படித்துப் பெட்ரோலையும் பொறி வைக்கும் நேரத்தையும் திருத்திக்கொண்டே வந்திருக்கும். ஆக்டேன் தேவையும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கல்லாறு தாண்டிச் சாலை சமமானதும், உயர் கியரில் குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால், மேலே இரண்டு நாள் கேட்காமல் இருந்த அந்தக் கிணுகிணுச் சத்தம் சில பழைய கார்களில் மறுபடி கேட்கும். ஒரு கியர் இறக்கினால் அங்கேயும் நின்றுவிடும்.